பதினோராவது நிமிடத்துக் கைக்குழி

"அக்கா, 11:18-ல் முன்பக்கக் கைக்குழியை மட்டும் தனியா எடுத்து அரை இஞ்ச் உள்ளே வெட்டினீங்க. நான் இத்தனை நாளா முன், பின் ரெண்டையும் ஒண்ணா வச்சு ஒரே வெட்டா வெட்டிட்டு இருந்தேன். அக்குள் பக்கம் மடிப்பு விழுறது அதனாலதான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. நேத்து பழைய காட்டன் துணியில வெட்டித் தச்சுப் பார்த்தேன், மடிப்பு இல்லை. ஒரு சந்தேகம். 14:05-ல் கையோட ஓரத்துல கத்திரியால சின்னதா ஒரு வெட்டு கொடுத்தீங்க, எதுவும் சொல்லலை. அது கைக்கு முன்பக்கம் எதுன்னு தெரியறதுக்கா?"

என் அக்காவின் தையல் வீடியோ ஒன்றுக்குக் கீழே ஒரு ரசிகை எழுதிய கமெண்ட் இது. அக்கா ஈரோட்டுப் பக்கம் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறாள். மூன்று வருடமாக யூடியூபில் வீடியோவும் போடுகிறாள். கேமரா பிடிப்பதும் இரவில் கமெண்டுகளை வாசித்துக் காட்டுவதும் என் வேலை. "சூப்பர் அக்கா", "ரொம்பத் தெளிவா சொன்னீங்க", "உங்க வீடியோ எல்லாம் பார்ப்பேன்" என்று வருவதையெல்லாம் வாசிக்கும்போது அக்கா மாவு பிசைந்துகொண்டே தலையாட்டுவாள். இந்தக் கமெண்டை வாசித்தபோது கையைக் கழுவிவிட்டு வந்து போனை வாங்கி, தானே ஒருமுறை படித்தாள். பிறகு வீடியோவை 14:05-க்கு நகர்த்திப் பார்த்தாள். "ஆமா, நாச் போட்டதைச் சொல்லவே இல்லை" என்றாள்.

பாராட்டு எல்லோரிடமிருந்தும் வருகிறது. இந்த ஒன்று மட்டும் ஏன் அவளை அடுப்படியிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தது? அதைப் புரிந்துகொள்ள, பிளவுஸ் வெட்டுவதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளவுஸின் முன்பக்கமும் பின்பக்கமும் தோளில் ஒட்டும், பக்கவாட்டில் ஒட்டும். நடுவில் கையைத் தைக்க வளைவாக வெட்டுகிற இடம்தான் கைக்குழி. துணியை மடித்துப் போட்டு இரண்டையும் ஒரே வளைவில் வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நம் உடம்பு முன்னும் பின்னும் ஒன்றுபோல் இல்லை. கைகள் பெரும்பாலும் முன்னால் நீள்கின்றன: அடுப்பில் கிளற, குழந்தையைத் தூக்க, பஸ் கம்பியைப் பிடிக்க. அப்போது முதுகுப் பக்கம் துணி கூடுதலாகத் தேவை. முன்பக்கத்தில் அக்குளை ஒட்டி உடம்பு உள்வாங்கி இருப்பதால் அங்கே துணி குறைவாக இருந்தால் போதும். எனவே பின்பக்க வளைவை அப்படியே விட்டுவிட்டு, முன்பக்கத்தை மட்டும் சுமார் அரை இஞ்ச் கூடுதலாக உள்வாங்கி வெட்டுவார்கள். ஆளையும் பிளவுஸ் வகையையும் பொறுத்து இது கொஞ்சம் கூடும் குறையும். முன்பக்கத்தை இப்படிக் குடையாவிட்டால் மிச்சத் துணி அக்குள் ஓரத்தில் மடிப்பாக நிற்கும். பின்பக்கத்தையும் சேர்த்துக் குடைந்துவிட்டால் கையை முன்னால் நீட்டும்போது முதுகில் இழுக்கும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும், தைத்த பிறகு சரிசெய்வதும் கஷ்டம்.

கைத் துண்டுக்கும் இதே கதைதான். அதிலும் முன்பக்க வளைவு சற்று ஆழம். தைக்கும்போது வலது கை, இடது கை மாறிவிட்டால் ஆழமான வளைவு முதுகுப் பக்கம் போய்விடும், கை முறுக்கிக்கொண்டு உட்காரும். மாறாமல் இருக்க முன்பக்க ஓரத்தில் கத்திரி நுனியால் கால் இஞ்சுக்கும் குறைவாக ஒரு சின்ன வெட்டு கொடுப்பார்கள். அதைத்தான் நாச் என்பார்கள். இருபது வருடமாகத் தைப்பவள் என்பதால் அக்காவின் கை அதைத் தானாகச் செய்துவிட்டது. வாய் சொல்ல மறந்துவிட்டது.

இப்போது கமெண்டைத் திரும்பப் படியுங்கள். ரசிகை முதலில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். அடுத்து, அதுவரை தான் என்ன செய்துகொண்டிருந்தாள் என்கிறாள். பிறகு செய்து பார்த்ததைச் சொல்கிறாள். கடைசியில் அக்கா பேசாமல் செய்த ஒன்றைக் கவனித்துக் கேட்கிறாள். "நன்றாக இருக்கிறது" என்ற வார்த்தையே அதில் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பாராட்டை அக்கா கேட்டதில்லை. ஏனென்றால் முந்தைய கமெண்டுகளிலிருந்து தன் வீடியோ பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. இதிலிருந்து, எந்த இடம் போய்ச் சேர்ந்தது, எந்த இடம் சேரவில்லை என்பது தெரிந்தது. வீடியோ எடுப்பவருக்கு வகுப்பில் இருப்பதுபோல் எதிரில் முகங்கள் கிடையாது. யார் புருவத்தைச் சுருக்கினார்கள், யார் நோட்டில் குறித்துக்கொண்டார்கள் என்று பார்க்க வழியில்லை. அந்த முகத்தை ஒரு ரசிகர் எழுத்தில் காட்டிவிடலாம்.

நான் வாசித்த கமெண்டுகளை வைத்து ஒரு சோதனையைச் சொல்வேன். நீங்கள் எழுதியதை எடுத்து அதே சேனலின் இன்னொரு வீடியோவுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது இன்னும் குறிப்பாக ஆகவில்லை. "பொறுமையா சொல்லித் தர்றீங்க" என்பது அக்காவின் எல்லா வீடியோவுக்கும் பொருந்தும். "பிளவுஸ் கட்டிங் அருமையா விளக்கினீங்க" என்பது குறிப்பானதுபோலத் தோன்றும், ஆனால் அது தலைப்பையே திருப்பிச் சொல்வது. வீடியோவைப் பார்க்காமலே எழுதிவிடலாம். விளம்பரத்துக்காகக் கூட்டமாக கமெண்ட் போடுகிறவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதனால் உண்மையான ரசிகரின் வரியும் அந்தக் கூட்டத்தில் கலந்துபோகிறது. வீடியோவில் வந்ததையெல்லாம் வரிசையாகச் சுருக்கி எழுதுவதும் உதவாது. எடுத்தவருக்கு அதில் என்ன வந்தது என்று தெரியும். உங்களுக்கு எது உறைத்தது என்பதுதான் தெரியாது.

ஆகவே ஓர் இடம் போதும். மூன்று இடம் பிடித்திருந்தாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தை 11:18 என்று எழுதினால் யூடியூப் அதைத் தானாகவே இணைப்பாக மாற்றிவிடும். தொட்டால் வீடியோ அந்த நொடிக்கு ஓடும். அதனால் விஷயம் நடக்கும் நொடியைவிட இரண்டு மூன்று நொடி முன்னால் குறிப்பது நல்லது, இல்லாவிட்டால் கத்திரி வெட்டி முடித்த பிறகு போய் நிற்கும். நீளமான கமெண்டில் முதல் சில வரிகள் மட்டும்தான் வெளியே தெரியும், மற்றது மடங்கிக்கொள்ளும். வணக்கம், நலமா என்று ஆரம்பித்து ஆறாவது வரியில் விஷயத்துக்கு வந்தால், பலர் அதுவரை வரமாட்டார்கள். மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. "அக்கா" என்ற ஒரு சொல்லிலேயே அது அடங்கிவிடுகிறது.

செய்து பார்க்காவிட்டால் செய்து பார்த்ததாக எழுத வேண்டாம். பார்த்ததே போதும், உற்றுப் பார்த்திருந்தால். பேசாமல் வேலை செய்து காட்டும் சேனல்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஜான் பிளான்ட் நடத்தும் 'பிரிமிட்டிவ் டெக்னாலஜி' சேனலில் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மண்ணும் கல்லும் மரமும் கொண்டு குடிசையும் சூளையும் கட்டுவார், விளக்கத்தை எழுத்தாக, சப்டைட்டிலில் மட்டும் வைப்பார். சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள் என்று பார்வையாளர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கை செய்வதைக் கண் பிடித்தால்தான் அங்கே எழுதுவதற்கு விஷயம் கிடைக்கும்.

தவறைச் சொல்லும் கமெண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எனக்கு நேரில் நடந்தது. ஒரு வீடியோவில் அக்கா கழுத்து இறக்கம் ஏழு இஞ்ச் என்று சொன்னாள், டேப்பில் ஆறரைதான் இருந்தது. எடிட் செய்த நானும் கவனிக்கவில்லை. ஒருவர், "தப்புத் தப்பா சொல்லித் தராதீங்க" என்று மட்டும் எழுதினார். எது தப்பு என்று தேடி வீடியோ முழுவதையும் இரண்டு முறை ஓட்டினோம், கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொருவர், "8:40-ல் ஏழுன்னு கேட்டுச்சு, டேப்புல ஆறரை மாதிரி தெரியுது. எதை எடுத்துக்கட்டும்?" என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் சரிசெய்தோம். யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் வைத்துக்கொண்டு புதியதாக மாற்ற முடியாது. அதனால் திருத்தத்தை எழுதி மேலே பின் செய்வதுதான் வழி. இவர் நேரத்தையும், காதில் விழுந்ததையும், கண்ணில் பட்டதையும் தனித்தனியாகச் சொன்னதால்தான் அது முடிந்தது. அதற்குள் அந்த அளவை நம்பி யாராவது துணியை வெட்டியிருப்பார்களோ என்ற கவலை அக்காவுக்கு இன்னும் உண்டு.

சில சின்ன விஷயங்கள். உங்கள் கமெண்டுக்குச் சேனல்காரர் ஹார்ட் கொடுத்த பிறகு அதைத் திருத்தினால் ஹார்ட் போய்விடும், எனவே எழுத்துப் பிழையைப் போடும் முன்பே பாருங்கள். வேறு இணைப்புகளைச் சேர்த்தால் சில சேனல்களில் கமெண்ட் வெளியே வராமலே நின்றுவிடும். நீங்கள் தைத்ததைக் காட்ட ஆசையாக இருந்தால் வார்த்தையில் சொல்லுங்கள்: என்ன துணி, என்ன அளவு, எங்கே சரியாக வந்தது, எங்கே வரவில்லை. போன் நம்பரையும் முகவரியையும் மட்டும் எழுதாதீர்கள். "அளவு அனுப்பறேன், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று எழுதுகிற பெண்களின் கமெண்டுகளை நான் வேகமாக நீக்கிவிடுகிறேன். அதை யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

14:05 பற்றிக் கேட்ட ரசிகைக்கு அக்கா அன்றிரவே பதில் எழுதினாள். முன்பக்கம் ஒரு நாச், குழப்பம் வரும் என்றால் பின்பக்கம் இரண்டு நாச் என்று. அந்தக் கமெண்டை மேலே பின் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த வீடியோவை அந்தக் கேள்வியை வாசித்துத்தான் ஆரம்பித்தாள். கைத் துண்டு இரண்டையும் மேசையில் விரித்து, ஒன்றை வேண்டுமென்றே மாற்றித் தைத்து, அது எப்படி முறுக்கிக்கொள்கிறது என்று காட்டினாள். இப்போது அவள் வீடியோவில் கத்திரியை எடுக்கும்போதெல்லாம், எதற்காக வெட்டுகிறாள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுகிறாள்.