படத்தில் மஞ்சளாகத் தெரியும் கண்: அடுத்து எந்தப் பரிசோதனை?

ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழ்ந்து சிதையும்போது, அதிலுள்ள சிவப்பு நிறமியிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிரித்தெடுத்துப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடுகிறது. இந்தப் பாதையில் எங்காவது தடங்கல் வந்தால் ரத்தத்தில் பிலிரூபின் தேங்கும். எலாஸ்டின் என்ற மீள்நாரில் அது எளிதாக ஒட்டிக்கொள்ளும். விழியின் வெள்ளைப் பகுதியில் அந்த நார் மிகுதி, பின்புலமும் வெள்ளை. அதனால்தான் மஞ்சள் காமாலை தோலுக்கு முன்பே கண்ணில் தெரிகிறது. 100 மில்லி ரத்தத்தில் சுமார் 1 மில்லிகிராம் வரை பிலிரூபின் இருப்பது இயல்பு. அது இரண்டரை, மூன்றைத் தாண்டிய பிறகே கண்ணில் மஞ்சள் தென்படும். ஆகவே ஒரு படத்தில் கண் உண்மையிலேயே மஞ்சளாக இருந்தால், பிலிரூபின் ஏற்கெனவே இரண்டு, மூன்று மடங்கு ஏறிவிட்டது என்று பொருள்.

‘உண்மையிலேயே’ என்பதில்தான் சிக்கல். மஞ்சள் வெளிச்ச பல்பின் கீழே எடுத்த படத்தில் சுவரும் சட்டையும் பல்லும்கூட மஞ்சளாகத்தான் விழும். மாறாக, முகத்தை அழகாக்கும் செயலிகள் கண்ணை வெளுப்பாக்கி, இருக்கும் காமாலையையே மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் பகலில் ஜன்னலோரம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல், கன்னத்தருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் புதிதாகப் படம் எடுக்க வேண்டும். கீழிமையை விரலால் இழுத்து மேலே பார்த்தபடி ஒன்று, மேலிமையைத் தூக்கிக் கீழே பார்த்தபடி ஒன்று. தாள் வெள்ளையாகவும் கண் மஞ்சளாகவும் இருந்தால் அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

இமைக்குள் மறைந்திருக்கும் இடத்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வெயிலில் உழைப்பவர்களுக்கும் மாநிறத்தவர்களுக்கும் கண்ணின் திறந்த பகுதி பழுப்பேறியிருப்பது சாதாரணம். கருவிழிக்குப் பக்கத்தில் மஞ்சள் திட்டு ஒன்று புடைத்திருப்பதும் உண்டு. இரண்டுமே காமாலை அல்ல. காமாலையின் மஞ்சள் இமையின் உள்மடிப்பு வரை ஒரே சீராகப் பரவியிருக்கும். கேரட், பப்பாளியை அளவுக்கு மீறிச் சாப்பிடுவோருக்கு உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகலாம். ஆனால் கண் வெள்ளையாகவே இருக்கும். கறுத்த தோலில் நிறமாற்றம் பிடிபடாது என்பதால், நாக்கின் அடிப்பகுதியையும் பார்ப்பது நல்லது.

விடுதியில் தங்கிப் படிக்கும் 20 வயது மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு நாளாகக் காய்ச்சல், குமட்டல். சோற்றைக் கண்டாலே வெறுப்பு. காய்ச்சல் விட்ட அன்று கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறான். சிறுநீர் எப்படிப் போகிறது என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்றால் அதிலேயே பாதி விடை இருக்கிறது. கல்லீரல் பதப்படுத்திய பிலிரூபின் மட்டுமே நீரில் கரைந்து சிறுநீரில் இறங்கும், பதப்படுத்தாதது இறங்காது. ஆய்வக அறிக்கையில் முன்னது நேரடி பிலிரூபின் என்றும் பின்னது மறைமுக பிலிரூபின் என்றும் பிரித்து எழுதப்பட்டிருக்கும்.

முதலில் எழுதித் தரப்படுவது எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. அந்த மாணவனின் அறிக்கையில் மொத்த பிலிரூபின் 6.8, அதில் நேரடி 4.9. கல்லீரல் செல் உடையும்போது வெளியே கசியும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 1,840. பித்தக்குழாய் அடைத்தால் ஏறும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் சற்றே கூடுதல். செல்கள் அழிகின்றன, குழாய் அடைபடவில்லை என்பதே இதன் பொருள். எனவே அடுத்த ரத்தப் பரிசோதனை வைரஸ்களுக்கானது: ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டுக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள், பி வகைக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி., சி வகைக்கு எதிர்ப்பொருள் சோதனை. இவனுக்கு ஏ வகை உறுதியாகிறது. அசுத்தமான தண்ணீர், உணவு வழியே பரவுவது அது. எந்தெந்த மாத்திரை, நாட்டு மருந்து, உடற்பயிற்சிப் பொடி சாப்பிட்டான் என்பதையும் கேட்டாக வேண்டும். அளவு மீறிய பாராசிட்டமாலும் நொதியை ஆயிரக்கணக்கில் ஏற்றும்.

இவனுக்குக் கண் மஞ்சளானபோது காய்ச்சல் விட்டது. வைரஸ் காமாலையின் வழக்கம் அதுதான். மஞ்சள் வந்த பிறகும் காய்ச்சல் அடித்துக்கொண்டே இருந்தால் எலிக்காய்ச்சல், மலேரியா, பித்தக்குழாயில் சீழ் ஆகியவற்றை நினைக்க வேண்டும். பரிசோதனைகளும் அந்தப் பக்கம் திரும்பும்.

பலர் கவனிக்காமல் விடும் எண் ஒன்று உண்டு: பி.டி. ஐ.என்.ஆர். ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் செய்கிறதா என்பதை அது காட்டும். இயல்பு 1-ஐ ஒட்டி இருக்கும். 1.5-ஐ எட்டிவிட்டால் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. ‘எஸ்.ஜி.பி.டி. 1,800-லிருந்து 300-க்கு இறங்கிவிட்டது’ என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். அதே நேரம் பிலிரூபினும் ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டிருந்தால், உடைவதற்குச் செல்களே மிச்சமில்லை என்று அர்த்தமாகலாம். தூக்கம் முறைமாறுவது, பேச்சு குழறுவது, புரியாமல் உளறுவது ஆகியவை தெரிந்தால் அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் இந்த ஆபத்து மிக அதிகம்.

இதே மஞ்சள் கண் 58 வயதுக்காரர் ஒருவருக்கு வரும்போது கதை வேறு. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் களிமண் நிறத்தில், எடை குறைகிறது. எஸ்.ஜி.பி.டி. 110 மட்டுமே; ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 620. பித்தம் குடலுக்குப் போகாததால்தான் மலத்துக்கு நிறமில்லை. இங்கே உடனே தேவைப்படுவது வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பித்தக்குழாய் விரிந்திருப்பது அதில் தெரிந்தால், அடைப்பு கல்லா கட்டியா என்று பார்க்க எம்.ஆர்.சி.பி. அல்லது சி.டி. ஸ்கேன் தொடரும். கல்லானால் இ.ஆர்.சி.பி. வழியே எடுத்துவிடலாம். கீழாநெல்லி குடித்துவிட்டு இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்பது இவருக்குத்தான் பெரிய கேடு. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாவதால் அந்தப் பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது. கட்டி அப்படிக் காத்திருக்காது.

மூன்றாவது வகையில் மறைமுக பிலிரூபின் மட்டும் ஏறியிருக்கும், சிறுநீரில் பிலிரூபின் இருக்காது. பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கண் லேசாக மஞ்சளாகி, மற்ற எல்லாம் இயல்பாக இருந்தால் அது பெரும்பாலும் கில்பர்ட் நிலை, சிகிச்சை தேவையில்லை. ஆனால் முகம் வெளிறி ஹீமோகுளோபினும் குறைந்திருந்தால் சிவப்பணு வேகமாகச் சிதைகிறதா என்று பார்க்க ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, எல்.டி.எச்., ரத்தப் பூச்சு, கூம்ப்ஸ் சோதனை ஆகியவை எடுக்கப்படும்.

பச்சிளங்குழந்தையின் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பிறந்த முதல் 24 மணி நேரத்தில் வரும் மஞ்சள் எப்போதுமே இயல்பல்ல. அன்றே பிலிரூபினை அளந்தாக வேண்டும். அதன் பிறகு வருவது பெரும்பாலும் தானே தணியும் என்றாலும், எவ்வளவு என்பதைத் தோலில் வைக்கும் கருவியோ ரத்தச் சோதனையோதான் சொல்ல முடியும். இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் நீடித்தால் நேரடி பிலிரூபினைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது கூடியிருந்து மலமும் வெளுத்திருந்தால், பித்தக்குழாய் அடைபட்டுச் சிதையும் பிலியரி அட்ரீசியாவாக இருக்கலாம். அதற்கான கசாய் அறுவைச் சிகிச்சை, குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.