சுவரிடம் சொன்ன கதை: ஒரு நிமிடப் படமாக்குவது எப்படி?



நம்ம பாட்டிமார் சொன்ன கதைகளைச் செல்போனில் படமாகப் பிடிக்கலாமா, நமக்குப் படம் வரையத் தெரியாதே என்று கேட்கிறவர்கள் உண்டு. வரையத் தெரிய வேண்டியதில்லை. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஜெர்மனியில் லோட்டே ரெய்னிகர் என்ற பெண் கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்தே ஒரு முழுநீளப் படம் எடுத்து 1926-ல் வெளியிட்டார். அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. நமக்கு ஒரு காலைப்பொழுது போதும், ஏனென்றால் நாம் எடுக்கப்போவது ஒரே ஒரு நிமிடம்.

ஒரு நிமிடத்துக்கு எல்லாக் கதையும் அடங்காது. ஏழு மலை தாண்டி, ஏழு கடல் தாண்டிப் போகிற ராஜகுமாரன் கதையைச் சுருக்கினால் எலும்புதான் மிஞ்சும். ஒரே செயல் திரும்பத் திரும்ப வருகிற சின்னக் கதைதான் இதற்குப் பொருத்தம். அப்படி ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. ஏ.கே. ராமானுஜன் 1991-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைகள் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. தன் மனக்குறையைச் சுவர்களிடம் சொன்ன தாயின் கதை. நம்ம பேச்சில் அதை ஒரு நிமிடத்துக்கு இப்படிச் சொல்லலாம்:

"ஒரு ஊருல புருஷன இழந்த ஒரு தாய். ரெண்டு மகன், ரெண்டு மருமக. நாலு பேரும் விடிஞ்சா அடைஞ்சா அவள வைவாக. மூத்தவன் வைவான், அவன் பொண்டாட்டி வைவா. இளையவன் வைவான், அவன் பொண்டாட்டியும் வைவா. யாருகிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே போட்டு வச்சா. உடம்பு ஊதிப்போச்சு. அதுக்கும் கேலி.

ஒரு நாள் கால் போன போக்குல நடந்தா. ஊருக்கு வெளிய ஒரு பாழடஞ்ச வீடு. கூரை இல்ல, நாலு சுவரு மட்டும். முதல் சுவருகிட்ட மூத்த மகன் செஞ்சதச் சொன்னா. சுவரு விழுந்துச்சு. ரெண்டாவதுகிட்ட மூத்த மருமக செஞ்சதச் சொன்னா. விழுந்துச்சு. மூணாவதுகிட்ட இளையவன். விழுந்துச்சு. நாலாவதுகிட்ட அவன் பொண்டாட்டி. அதுவும் விழுந்துச்சு.

சுத்திப் பாத்தா. நாலு சுவரும் மண்ணாக் கெடக்கு. மனசும் லேசு, உடம்பும் லேசு. வீட்டப் பாக்க நடந்தா."

இது மொத்தம் 86 வார்த்தை. நிதானமாகச் சொன்னால் முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரம் எதற்கு என்றால், சுவர் விழுகிற இடங்களுக்கு. ஒவ்வொரு சுவர் விழும்போதும் மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் கண்ணால் பார்க்கிற நேரம் அதுதான். 120 வார்த்தையை ஒரு நிமிடத்தில் அடைத்தால் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேர் கூவுகிற மாதிரி ஆகிவிடும்.

இனி காகித வேலை. தாயின் முகத்தையும் ஒல்லியான உடம்பையும் ஒரே துண்டாகப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். உடம்பு நாலு விரல் அகலம் இருக்கட்டும். அதன் முதுகில் ஒரு நீளமான ஈர்க்குச்சியைப் பசை போட்டு ஒட்டுங்கள். குச்சியின் நுனி படத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். தோல்பாவைக்கூத்தில் பாவையைக் குச்சியால்தானே பிடிக்கிறார்கள், அதே முறைதான்.

பிறகு கழுத்துக்குக் கீழே உள்ள சேலைக்கட்டு உடம்பை மட்டும் நாலு தனித்தனித் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஒரு விரல் அகலம் கூட. ஒவ்வொருவரும் வையும்போது ஒரு துண்டை எடுத்துத் தாயின் மேல் வையுங்கள். நாலு பேரும் வைது முடிக்கும்போது நாலு துண்டும் மேலே ஏறி, தாய் பெருத்துவிடுவாள். சுவர் விழும்போது மேலே இருக்கிற துண்டை ஒவ்வொன்றாக உருவிவிட வேண்டும். முகம் மாறாது, அடியில் இருந்த ஒல்லி உடம்பு கடைசியில் தானாகத் தெரியும். துண்டுகளின் கீழ் ஓரத்தில் ஒரு மூலையை நக அளவு மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எடுக்க முடியாமல் விரல் வழுக்கும், இரண்டு துண்டு சேர்ந்து வந்துவிடும்.

சுவருக்கு, நோட்டுக்கு அட்டை போடுகிற காக்கித்தாள் நல்லது. கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் இடிந்த மண்சுவர் மாதிரியே இருக்கும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் கூரை போன மண்வீடுகளைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் கணக்கு. ஒரு சுவருக்கு ஐந்து துண்டு. சேர்த்து அடுக்கினால் சுவர். விரலால் கீழ்ப்பக்கமாகக் கலைத்துவிட்டால் இடிபாடு.

மகன், மருமகள் நாலு பேருக்கும் முகம் மட்டும் போதும். தாயை நடுவில் வைத்து, இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டாக அந்த முகங்களை வையுங்கள். பின்னால் சுவர் வரும்போது, முகம் இருந்த அதே நாலு இடத்தில் சுவரை அடுக்குங்கள். எந்தச் சுவர் யாருக்கு என்று பார்க்கிறவர்களுக்குத் தானாகப் புரியும். சுவர்மேலேயே மகன் முகத்தை ஒட்டிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். சுவரோடு முகமும் விழுந்தால், தாய் சாபம் விட்டு மகன் செத்தான் என்று கதையே மாறிப்போகும். விழுவது தாயின் மனப்பாரம் தாங்காத சுவர்தான், பிள்ளைகள் இல்லை.

படம் பிடிக்க, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிரே போட்டு, மேலே ஒரு பலகையைக் குறுக்கே வையுங்கள். போனைத் திரை மேலே பார்க்கும்படி பலகைமேல் படுக்க வைத்து, கேமரா உள்ள பகுதி மட்டும் வெளியே நீட்டியபடி விட்டு, திரையில் உள்ள பொத்தான்கள் மறையாமல், துணி சுற்றிய செங்கல்லைப் போனை ஒட்டிப் பலகைமேல் வையுங்கள். கேமரா தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்குப் பாதி சார்ட் பேப்பர் சரியாக அடங்கும். வெள்ளைச் சார்ட் வேண்டாம். வெள்ளை அதிகமானால் போன் தானாக வெளிச்சத்தைக் குறைத்து, மற்ற காகிதங்களை இருட்டாக்கிவிடும். இளமஞ்சள் நல்லது.

இங்கே பலரைக் குழப்புகிற ஒன்று உண்டு. போன் படுத்திருக்கும்போது எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியாது. எடுத்து முடித்துப் பார்த்தால் தாய் தலைகீழாக நிற்பாள். அதனால் முதலில் போனை நிமிர்த்திப் பிடித்துக் கேமராவைத் திறந்து, அப்படியே மெதுவாகப் படுக்க வையுங்கள். மூன்று விநாடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் தலைகீழாக வந்தால் போனைத் தொடாதீர்கள், சார்ட்டைத் திருப்பி வையுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடவும் மறக்காதீர்கள். மூணாவது சுவர் விழும்போது யாராவது போன் பண்ணுவார்கள்.

இடம், வாசலை ஒட்டிய திண்ணை அல்லது முன்னறை. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பக்கவாட்டில் வருகிற வெளிச்சம் போதும், நேர் வெயில் விழக்கூடாது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடலாம். ஃபேனை நிறுத்துங்கள். காகிதம் பறக்கும், சத்தமும் பதியும். ஆடி மாதமென்றால் கதவில் பாதியைச் சாத்திவிடுங்கள்.

இரண்டு பேர் போதும். ஒருத்தி சொல்ல, ஒருத்தி காகிதத்தை நகர்த்த. நகர்த்துகிறவர் இடது கையால் ஈர்க்குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் வேலை செய்ய வேண்டும். கை படத்தில் தெரிந்தால் தப்பில்லை. ஆனால் கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள், அந்தக் கிணுகிணு சத்தம் கதையைவிடப் பெரிதாகக் கேட்கும். சொல்கிறவர் போனிலிருந்து முழங்கை தூரத்தில் உட்கார்ந்து, தாளைப் பார்க்காமல் நகர்த்துகிறவர் கையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "விழுந்துச்சு" என்ற சொல்லும் சுவர் கலைவதும் ஒன்றாக விழ வேண்டும். கை பிந்தினால் வாய் காத்திருக்கட்டும். காகிதம் இல்லாமல் வாயால் மட்டும் இரண்டு முறை, காகிதத்தோடு மூன்று முறை ஒத்திகை பார்த்தால் இது கூடிவரும்.

"அதுக்கும் கேலி" என்று முடிந்ததும் ஒரு தடவை மட்டும் நிறுத்த வேண்டும். பெரும்பாலான போன்களில் படம் ஓடும்போதே நிறுத்தி வைக்கிற பொத்தான் இருக்கும், இரண்டு சின்னக் கோடு போட்டிருக்கும். அதைப் பூப்போலத் தொடுங்கள். முகங்களை எடுத்துவிட்டு, சுவர்த்துண்டுகளை அடுக்கி, மறுபடி தொட்டுத் தொடருங்கள். தாயை நகர்த்திவிடாதீர்கள், நகர்ந்தால் படத்தில் ஒரு குதி குதிப்பாள். கடைசி வரியில் ஈர்க்குச்சியை மெல்லத் தள்ளி அவளைப் படத்துக்கு வெளியே நடத்திவிடுங்கள். சுவர்த்துண்டுகள் மட்டும் இரண்டு விநாடி தெரியட்டும், பிறகு நிறுத்தலாம்.

ஆரம்பத்தில் தலைப்பு, குழுப் பேர், வணக்கம் எல்லாம் வைத்தால் பத்து விநாடி போய்விடும். படம் திறக்கும்போதே தாய் நிற்கட்டும்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. "மகன்கள் திருந்தி மன்னிப்புக் கேட்டார்கள்" என்று சேர்க்கச் சிலர் ஆசைப்படுவார்கள். கதையில் அது இல்லை. யாரும் திருந்தவில்லை, அவள் பாரம்தான் இறங்கியது. சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னதால் இறங்கியது. அந்த இடத்தில் மன்னிப்பை வைத்தால் கதை மகன்கள் கதையாகிவிடும். அதே மாதிரி, நம்ம தெருவில் இருக்கிற யார் வீட்டு ஜாடையும் பேரும் அந்த முகங்களில் வரக்கூடாது. ஒரு கோடு மூக்கு, இரண்டு புள்ளி கண் போதும். குழுவில் மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கூட்டத்தில் போட்டுக் காட்டும்போது முடிந்த உடனே பேச ஆரம்பிக்காதீர்கள், கொஞ்சம் விடுங்கள். வயதான யாராவது வாய் திறந்தால், அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. அதை யாரும் போனில் பிடிக்கவும் கூடாது. வீட்டில் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் முதியோருக்கான உதவி எண் 14567, பெண்களுக்கான உதவி எண் 181. இந்த எண்களைப் படத்துக்குள் எழுதாமல், படம் முடிந்தபிறகு வாயால் சொல்லுங்கள். அந்தத் தாய் நடந்து போவதைப் பார்க்கும்போது கண்ணில் எழுத்து இடறக்கூடாது.

காகிதத் துண்டுகளை ஒரு பத்திரிகைக் கவரில் போட்டு வையுங்கள். அடுத்த குழு கேட்டால் அப்படியே கொடுக்கலாம். சுவருக்கு மட்டும் அவர்கள் புதுசாகக் கிழித்துக்கொள்ளட்டும்.