ஓணம் சத்யா மெனு: 20 வகை உணவும் ஒரே போட்டோவில் தெரிவது எப்படி?

ஓணம் நெருங்கினாலே சென்னை, கோவை ஓட்டல்கள் சத்யா மெனு போஸ்டரை வெளியிடத் தொடங்கிவிடும். மேசை நிறைய கிண்ணங்கள், நடுவில் வாழை இலை, நேர் மேலிருந்து எடுத்த ஒரு போட்டோ. பார்க்க ரொம்ப சிம்பிளாகத் தெரியும். ஆனால் இதை எடுக்க அரை நாள் ஆகிவிடும். அப்படி என்ன சிக்கல்?

மேலே என்றால் எவ்வளவு மேலே?

20 கிண்ணங்களை வரிசைக்கு 5 வீதம் 4 வரிசையாக வைப்பதாக எடுத்துக்கொள்வோம். இதற்கு சுமார் 135 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம் தேவை. பெரிய சென்சார் கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் போட்டால், இந்த இடம் முழுவதும் தெரிய கேமரா மேசைக்கு மேலே கிட்டத்தட்ட 1.9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேசை உயரம் 75 செ.மீ. அதையும் சேர்த்தால் தரையிலிருந்து 2.6 மீட்டருக்கு மேல் போகும். பல ஓட்டல்களில் அங்கேயே ஃபேனும் சீலிங்கும் வந்துவிடும்.

இதற்காக 'வைடு' லென்ஸுக்கு மாறி, கேமராவைக் கீழே இறக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்போது ஓரத்தில் இருக்கும் பாயச டம்ளர்கள் வெளிப்பக்கம் சாய்ந்தது போலத் தெரியும். உள்ளே இருக்கும் பாயசத்துக்குப் பதில் டம்ளரின் பக்கவாட்டுதான் படத்தில் வரும். கேமராவை இறக்குவதற்குப் பதில் மேசையை இறக்கலாம். தாழ்வான இரண்டு ஸ்டூல் மேல் பலகை போட்டால் அரை மீட்டர் வரை இடம் கிடைத்துவிடும்.

சம இடைவெளியின் ரகசியம்

கிண்ணத்தின் நடுப்புள்ளியை வைத்து இடைவெளி அளந்தால் சரியாக வராது. சாம்பார் கிண்ணம் பெரியது, இஞ்சிப்புளி கிண்ணம் சின்னது. அதனால் விளிம்புக்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள இடம்தான் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். அவியல், ஓலன், காளன் மூன்றும் வெள்ளை, வெளிர் மஞ்சள். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், போன் திரையில் ஒரே உணவு மூன்று முறை வைத்தது போல இருக்கும். நடுவில் பீட்ரூட் பச்சடி, பச்சைப் பயறு தோரன், இஞ்சிப்புளி என்று மாற்றி மாற்றி வைத்தால்தான் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

பப்படம் ஏன் கடைசியில்?

முதலில் காலிக் கிண்ணங்களை அடுக்கி, கேமராவில் பார்த்துச் சரிசெய்து, கிண்ணம் இருந்த இடத்தில் சின்ன டேப் ஒட்டுவார்கள். பிறகு ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ். அடுத்து அவியல், எரிசேரி போன்ற கெட்டிக் கறிகள். சாம்பாரும் பாயசமும் அதற்குப் பிறகுதான். பாயசம் ஆறினால் மேலே ஆடை படிந்துவிடும். பப்படம் கடைசி நிமிடத்தில் வர வேண்டும், இல்லையென்றால் நமுத்துப் போகும்.

சாம்பாரில் வெள்ளைப் புள்ளி

மேலிருந்து எடுக்கும்போது சாம்பார், ரசத்தின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வேலை செய்யும். சீலிங் லைட் அப்படியே அதில் வெள்ளைப் புள்ளியாக விழும். இதை எடிட்டிங்கில் அழிப்பது கஷ்டம். சீலிங் லைட்டை அணைத்துவிட்டு, பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தை மெல்லிய வெள்ளைத் துணி வழியாக விட்டால் புள்ளி மறைந்துவிடும்.

இலை திரும்பினால் வம்பு

சாப்பிட உட்காருபவருக்கு இலையின் நுனி இடது பக்கம் இருக்க வேண்டும். டிசைன் செய்பவர் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டால், நுனி வலது பக்கம் போய்விடும். பண்டிகை விளம்பரத்தில் அது அபசகுனமாகப் பார்க்கப்படும். போஸ்டர் வெளியாகும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

போன் திரையில் என்ன ஆகும்?

3:2 அளவில் எடுத்த படத்தைச் சதுரமாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 5 வரிசைக் கிண்ணங்களில் இரு ஓரமும் பெரும்பாலும் காணாமல் போகும். அதனால் இலையும் முக்கிய உணவுகளும் நடுச் சதுரத்துக்குள் இருக்கும்படி அடுக்குகிறார்கள்.

படத்தில் 20, இலையில் 16?

அழகுக்காக மெனுவில் இல்லாத நான்கு உணவுகளைச் சேர்த்து எடுப்பது ஆபத்து. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தன்மை, அளவு, தரம் பற்றி நுகர்வோரைத் தவறாக நினைக்க வைக்கும் விளம்பரமும் தவறான விளம்பரம்தான். போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டி வருபவர் இலையில் எண்ணிப் பார்ப்பார். அதனால் கேமராவை இயக்கும் முன், கிண்ணங்களையும் மெனு கார்டையும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதுதான் கடைசி வேலை.