ஜோடியைப் பிரிக்கும் நேரம்

ஹாங்காங்கில் பரவலாக ஆடப்படும் 'பிக் டூ'வில் 2தான் பெரிய சீட்டு, 3 சிறியது. ஒரே எண் மோதினால் ஸ்பேட், ஹார்ட்டின், கிளாவர், டைமன் என்ற வரிசையே தீர்ப்பு. ஒற்றைக்கு ஒற்றை, ஜோடிக்கு ஜோடிதான் போட வேண்டும். ஐந்து சீட்டுகளில் தொடர்வரிசை கடைசி. அதற்கு மேல் ஒரே சின்னம், மூன்றும் ஜோடியும், நாலும் ஒன்றும், ஒரே சின்னத் தொடர் என ஏறும்.

உங்கள் கையில் ஸ்பேட் 2, டைமன் 2, இரண்டு 6, ஒரு 4. மற்ற இரண்டு 2-களும் இறங்கிவிட்டன. எதிரி ஒற்றையாக ராஜாவைப் போடுகிறார்.

2-களை ஜோடியாகவே வைத்திருந்தால் ஒரே ஒரு முறைதான் ஆட்டம் உங்கள் கைக்கு வரும். பிரித்தால் இரண்டு முறை! ஒரு 2-ஐ இறக்கிப் பிடியுங்கள், 6 ஜோடியை விடுங்கள். அதை யாராவது வென்றாலும், அடுத்து ஒற்றை வரும்போது மீதி 2 பிடிக்கும். 4-ஐப் போட்டு முடித்துவிடலாம்.

மற்ற 2-கள் இன்னும் வெளியே இருந்தால் டைமன் 2 தோற்கக்கூடும். எதிரியிடம் இரண்டே சீட்டு மிஞ்சி, ஆட்டம் ஜோடியில் போனாலும் பிரிக்காதீர்கள்; அவரைத் தடுக்க அந்த ஜோடிதான் வேண்டும்.