ரசீது எங்கே போனது? பணிகளை வரிசையில் நிறுத்தும் மூன்று வழிகள்

மாணவர்களே, இணையத்தில் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டியதும், 'கட்டணம் பெறப்பட்டது' என்ற செய்தி உடனே திரையில் வரும். ரசீது சற்று நேரம் கழித்துத்தான் மின்னஞ்சலில் வரும். இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது? அந்த ரசீது வராமலே போனால் அது எங்கே தொலைந்திருக்கும்?

மூன்று பேர் கொண்ட ஒரு சிறிய குழு, துணைப்பாட வகுப்புகளுக்கான பதிவுத் தளம் ஒன்றை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மாணவர் 120 வெள்ளி கட்டியதும் அவருக்கு ரசீதும் இருக்கை எண்ணும் அனுப்ப வேண்டும். அந்தத் தாளைக் காட்டினால்தான் வகுப்பில் இடம். ரசீதைத் தயாரித்து அனுப்ப 3 விநாடி ஆகிறது. அதுவரை மாணவரைக் காக்க வைத்தால் அவர் பொறுமையிழந்து பொத்தானை மறுபடி அழுத்திவிடுவார்.

உணவங்காடியில் இதற்கு வழி இருக்கிறது. பணம் வாங்குபவர் துண்டுச் சீட்டில் எழுதிச் சமையல் பக்கம் மாட்டிவிட்டு, அடுத்தவரைக் கவனிக்கிறார். சமைப்பவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கிறார். கணினியில் அந்தச் சீட்டு வரிசைக்குப் 'பணி வரிசை' என்று பெயர். சீட்டை எடுத்து வேலை செய்யும் நிரலைப் பணியாள் நிரல் என்போம். சீட்டை எங்கே மாட்டுவது என்பதுதான் நம் குழுவின் கேள்வி. ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையிலா, ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பிலா, ரேபிட்எம்கியூ போன்ற, செய்திகளைக் கைமாற்றுவதற்கென்றே எழுதப்பட்ட புரோக்கர் மென்பொருளிலா?

முதலில் ஒரு கணக்கு

எது வேகமானது என்று பலரும் முதலில் கேட்பார்கள். அதற்கு முன், எவ்வளவு வேகம் தேவை என்று கணக்கிட வேண்டும்.

பதிவு தொடங்கும் நாளில் ஒரே மணி நேரத்தில் 2,000 பேர் பணம் கட்டுவதாகக் கொள்வோம். ஒரு பணிக்கு 3 விநாடி என்றால், ஒரு பணியாள் நிரல் மணிக்கு 1,200 ரசீது அனுப்பும். மணி முடிவில் 800 ரசீது தேங்கி நிற்கும். அதன்பின் புதிதாக யாரும் வராவிட்டாலும், அவற்றை முடிக்க இன்னும் 40 நிமிடம் வேண்டும். இரண்டு பணியாள் நிரல்களை ஓட்டினால் மணிக்கு 2,400 முடியும், தேக்கமே இருக்காது.

இதில் வரிசையின் வேலை மிகக் குறைவு. இரண்டு விநாடிக்கு ஒரு சீட்டு வருகிறது, ஒன்று போகிறது, அவ்வளவுதான். சாதாரணத் தரவுத்தளம் ஒன்றே விநாடிக்கு நூற்றுக்கணக்கான சிறு வேலைகளைச் செய்யும். நேரத்தைத் தின்பது ரசீது தயாரிப்புத்தான். ஆகவே இந்தக் குழு கேட்க வேண்டிய கேள்வி வேறு: பாதி வழியில் கணினி நின்றுபோனால் சீட்டு என்னவாகும்?

அட்டவணை: இரண்டும் சேர்ந்தே எழுதப்படும்

தரவுத்தளத்துக்கு ஒரு சிறப்புக் குணம் உண்டு. சில மாற்றங்களை ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தால், எல்லாவற்றையும் எழுதும், அல்லது எதையுமே எழுதாது. நம் குழு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால் இப்படி எழுதலாம்:

```sql
BEGIN;
INSERT INTO payments (student_id, amount) VALUES (417, 120);
INSERT INTO jobs (kind, student_id) VALUES ('receipt', 417);
COMMIT;
```

முதல் வரியில் கட்டு தொடங்கி, கடைசி வரியில் முடிகிறது. நடுவில் மின்சாரம் போனாலும், கட்டணம் மட்டும் பதிவாகி ரசீதுச் சீட்டு விடுபடுவது நடக்காது.

எடுக்கும் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பணியாள் நிரல்கள் ஒரே சீட்டை எடுத்தால் ஒருவருக்கே இரண்டு ரசீது போகும். இதைத் தவிர்க்க, 2016 ஜனவரியில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.5 ஒரு வசதியைத் தந்தது:

```sql
BEGIN;
SELECT id, student_id FROM jobs
WHERE done_at IS NULL
ORDER BY id LIMIT 1
FOR UPDATE SKIP LOCKED;
```

'முடியாத சீட்டுகளில் பழையதைக் கொடு. அதை எனக்காகப் பூட்டி வை. வேறொருவர் பூட்டியதைத் தாண்டிச் செல்' என்பதே இதன் பொருள். ரசீது போனதும் நிரல் `done_at` என்ற இடத்தில் நேரத்தைக் குறித்துக் கட்டை முடிக்கிறது. நடுவில் நிரல் செத்துப்போனால், தொடர்பு அறுந்ததைத் தரவுத்தளம் கண்டுகொண்டு பூட்டைத் திறந்துவிடும். சீட்டு மீண்டும் வரிசையில் நிற்கும்.

இந்த வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மாணவர் மின்னஞ்சல் முகவரியைத் தவறாகக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். ரசீது அனுப்புவது தோற்கிறது, சீட்டு திரும்பி வருகிறது. பழையது முதலில் என்பதால், நிரல் மீண்டும் அதையே எடுத்து மீண்டும் தோற்கிறது. பின்னால் நிற்கும் 300 பேருக்கும் ரசீது போகாது. நிரல் ஓடிக்கொண்டே இருப்பதால், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். எனவே அட்டவணையில் எத்தனை முறை முயன்றோம், அடுத்த முயற்சி எப்போது என்ற இரண்டு பத்திகள் தேவை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்தச் சீட்டைச் சில நிமிடங்கள் தள்ளிப்போட வேண்டும். ஐந்து முறை தோற்றால் தனியே ஒதுக்கி, ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

ரெடிஸ்: மிக வேகம், ஆனால் ஓர் இடைவெளி

ரெடிஸ் மென்பொருளை 2009ல் வெளியிட்டவர் இத்தாலியைச் சேர்ந்த சல்வத்தோரே சான்பிலிப்போ. தகவலை அது நினைவகத்திலேயே வைத்திருப்பதால் மிக விரைவாக இயங்கும். `LPUSH` என்ற கட்டளையால் வரிசையில் சேர்க்கலாம், `BRPOP` கட்டளையால் எடுக்கலாம். சீட்டு இல்லாதபோது `BRPOP` அமைதியாகக் காத்திருக்கும். தரவுத்தளத்தை விநாடிக்கொரு முறை 'வந்ததா, வந்ததா' என்று கேட்கும் தொல்லை இல்லை.

ஆனால் `BRPOP` சீட்டை எடுக்கும்போதே வரிசையிலிருந்து நீக்கிவிடுகிறது. எடுத்த நிரல் அடுத்த விநாடியே நின்றுபோனால் அந்தச் சீட்டு எங்கும் இருக்காது. 2018ல் வந்த ரெடிஸ் 5.0 இதற்குத் தீர்வாக 'ஸ்ட்ரீம்' என்ற வகையைச் சேர்த்தது. அதில் பணியாள் நிரல் `XACK` கட்டளையால் 'முடித்துவிட்டேன்' என்று சொல்லும்வரை, அந்தச் சீட்டு இன்னாரிடம் நிலுவையில் உள்ளது என்று ரெடிஸ் குறித்து வைத்திருக்கும். நின்றுபோன நிரலிடம் சிக்கிய சீட்டுகளைத் தேடி வேறு நிரலிடம் கொடுப்பது மட்டும் குழுவின் பொறுப்பு.

நினைவகத்தில் உள்ளதை வட்டிலும் எழுதும்படி ரெடிஸை அமைக்கலாம். விநாடிக்கு ஒருமுறை வட்டில் உறுதியாக எழுதும்படி அமைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. மின்சாரம் போனால் கடைசி ஒரு விநாடியில் வந்த சீட்டுகள் போகலாம். பக்கங்களை வேகமாகக் காட்டுவதற்காக வைத்த அதே ரெடிஸில் வரிசையையும் வைத்தால் இன்னொரு ஆபத்து உண்டு. நினைவகம் நிரம்பும்போது பழையதை அழிக்கும்படி அதை அமைத்திருந்தால், பணி வரிசையையே அழித்துவிடக்கூடும்.

எல்லாவற்றையும் சரியாக அமைத்தாலும் ஓர் இடைவெளி எஞ்சும். கட்டணம் தரவுத்தளத்தில், சீட்டு ரெடிஸில். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்ட முடியாது. கட்டணத்தை எழுதிய பிறகு, சீட்டை அனுப்பும் முன் நிரல் நின்றால், மாணவர் 120 வெள்ளி கட்டியிருப்பார், ரசீது வராது. முதலில் சீட்டை அனுப்பினால், கட்டாத பணத்துக்கு ரசீது போகலாம்.

புரோக்கர்: தனி அஞ்சல் நிலையம்

ரேபிட்எம்கியூ 2007ல் வெளிவந்தது. சீட்டைப் பெற்ற நிரல் ஒப்புகை தரும்வரை அது சீட்டை மறக்காது. நிரலின் தொடர்பு அறுந்தால் தானாகவே வேறொன்றிடம் கொடுக்கும். அதன் பெரிய பலம் பிரித்துக் கொடுப்பது. 'கட்டணம் வந்தது' என்ற ஒரே செய்தியை ரசீதுப் பகுதிக்கும் கணக்குப் பகுதிக்கும் குறுஞ்செய்திப் பகுதிக்கும் தனித்தனி நகலாக அனுப்பும். பல குழுக்கள் வெவ்வேறு கணினி மொழிகளில் நிரல் எழுதும் பெரிய நிறுவனத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

நம் மூவர் குழுவுக்கோ, கவனிக்க வேண்டிய பொருள் இன்னொன்று கூடுகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டும், வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் குறைந்தால் ரேபிட்எம்கியூ புதிய செய்திகளை ஏற்காமல் நிறுத்தி வைக்கும். அப்போது, செய்தி போகக் காத்திருக்கும் கட்டணப் பக்கமும் உறைந்து நிற்கலாம். ரெடிஸில் பார்த்த அதே இடைவெளி இங்கேயும் உண்டு, ஏனெனில் கட்டணமும் சீட்டும் இங்கேயும் இரண்டு இடங்களில்தான் எழுதப்படுகின்றன.

குழு எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மணிக்கு 2,000 பணிகளுக்கு அட்டவணையே போதும். புதிய மென்பொருள் வேண்டாம், கட்டணமும் சீட்டும் பிரியாது, தரவுத்தளத்தை நகலெடுத்து வைக்கும்போது வரிசையும் அதோடு சேர்ந்துவிடும்.

அது போதாமல் போகும் நாளை எப்படி அறிவது? வரிசையில் எத்தனை சீட்டு இருக்கிறது என்பதைவிட, மிகப் பழைய சீட்டின் வயது என்ன என்பதைப் பாருங்கள். 500 சீட்டு இருந்தாலும் பழையதன் வயது இரண்டு நிமிடம் என்றால் கவலை இல்லை. மூன்றே சீட்டு இருந்து, ஒன்றின் வயது ஆறு மணி நேரம் என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது. சிக்கல் எதுவுமின்றி வயது ஏறினால் முதலில் பணியாள் நிரல் ஒன்றைக் கூட்ட வேண்டும். சீட்டுகளை எழுதி எடுப்பதிலேயே தரவுத்தளம் திணறி, மற்றப் பக்கங்களும் மெதுவானால்தான் வேறு கருவியைத் தேட வேண்டும். அப்போதும் அட்டவணையைத் தூக்கிப் போடத் தேவையில்லை. கட்டணத்தோடு சீட்டை அட்டவணையில் எழுதிவிட்டு, அதிலிருந்து புரோக்கருக்கு எடுத்துச் செல்ல ஒரு சிறு நிரலை வைக்கலாம். அந்த இடைவெளி அடைபட்டுவிடும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒன்று மிச்சம் இருக்கிறது. நிரல் ரசீதை அனுப்பிவிட்டு, 'முடித்தேன்' என்று குறிக்கும் முன் நின்றால், சீட்டு மறுபடி எடுக்கப்படும், ரசீது இரண்டாம் முறை போகும். எந்தக் கருவியாலும் இதை முழுமையாகத் தடுக்க முடியாது. இரண்டு ரசீது வந்தால் மாணவர் ஒன்றை அழித்துவிடுவார். ஆனால் அந்தப் பணி ரசீது அனுப்புவதாக இல்லாமல், வங்கி அட்டையிலிருந்து 120 வெள்ளி எடுப்பதாக இருந்தால்? இரண்டாம் முறை எடுக்காமலிருக்க அந்தச் சீட்டில் என்ன எழுதி வைக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குறிப்பு: மேலே உள்ள நிரலில், ஒவ்வொரு சீட்டுக்கும் ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது.