டிராக்டரின் மணிச் செலவும் நெல்லின் அடக்க விலையும்

அறுவடை முடிந்து நெல்லை விற்றபின் கையில் நிற்கும் ரொக்கத்தையே லாபமென்று கொள்வது பல மிராசுதார்களின் வழக்கம். டீசல், கூலி, உரம் ஆகியவை ஒரே குறிப்புப் புஸ்தகத்தில் தேதிவாரியாய் எழுதப்பட்டிருக்கும். வருஷ முடிவில் மொத்தத் தொகை தெரியவரும். ஆயினும் எந்த வேலைக்கு எவ்வளவு சென்றது, அச்செலவு நியாயமானதா என்பதை அக்கணக்கு காட்டாது. அதை அறியச் செலவைப் பிரித்தெழுத வேண்டும். சொந்த டிராக்டர் ஒன்றின் கணக்கை உதாரணமாகக் கொண்டு அம்முறை இங்கு விளக்கப்படுகிறது. இதில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகக் கொள்ளப்பட்டவையே. அவரவர் தம் தொகைகளை இட்டுக்கொள்ள வேண்டும்.

செலவு மையமும் செலவு அலகும்

எந்த இடத்தின், இயந்திரத்தின் அல்லது வேலையின் பேரில் செலவைத் தனியே திரட்டுகிறோமோ, அது செலவு மையம் எனப்படும். பண்ணையில் டிராக்டர் ஒரு மையம்; பம்புசெட்டு மற்றொன்று; மாட்டுத்தொழுவம் வேறொன்று. திரட்டிய செலவை எந்த அளவையால் வகுக்கிறோமோ, அது செலவு அலகு. டிராக்டருக்கு அலகு, ஓடிய ஒரு மணி. நெல்லுக்கு அலகு, ஒரு குவிண்டால்.

ஏக்கரையே நெல்லுக்கும் அலகாகக் கொண்டாலென்ன என்று கேட்கலாம். ஒரு போகத்தில் ஏக்கருக்கு 5 மணி டிராக்டர் ஓடி, மணிக்கு 950 ரூபாய் ஆயிற்றெனில், ஏக்கர்ச் செலவு 4,750 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைந்த வயலில் இது குவிண்டாலுக்கு 190 ரூபாய். 19 குவிண்டாலே விளைந்த வயலில் 250 ரூபாய். ஏக்கர்க் கணக்கில் இரு வயல்களும் ஒன்றாகவே தோன்றும். விற்பனை குவிண்டால் கணக்கில் நடைபெறுவதால், விலையோடு ஒப்பிடக் குவிண்டாலே ஏற்றது. வேலையின் சிக்கனத்தைப் பார்க்க ஏக்கர் உதவும்.

ஒரே செலவை மூன்று விதமாய்ப் பார்த்தல்

டிராக்டருக்கு ஊற்றிய டீசலை எடுத்துக்கொள்வோம். அதன் இயல்பை நோக்கினால் அது பொருட் செலவு. ஓட்டுநருக்குக் கொடுப்பது கூலி. இன்ஷூரன்ஸ் இதரச் செலவு. அது செய்த வேலையை நோக்கினால் வேறாகும். சேற்றுழவுக்கு எரிந்த டீசல் சாகுபடிச் செலவு. நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்கு ஏற்றிச் சென்றபோது எரிந்த டீசல் விற்பனைச் செலவு. உழவுச் செலவு மிகுந்ததென்று கவலைப்படுவோர், அதில் வண்டி வாடகை கலந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தல் நலம்.

மூன்றாவது, செலவின் போக்கு. டிராக்டர் ஓடினால்தான் டீசல் எரியும்; ஓடாவிடில் செலவில்லை. இது மாறும் செலவு. இன்ஷூரன்ஸோ வண்டி கொட்டகையில் நின்றாலும் கட்டவேண்டியது. இது மாறாச் செலவு. ஒரே இயல்புடைய செலவும் ஏற்பாட்டினால் போக்கு மாறக்கூடும். மணிக்கணக்கில் கூலி பெறும் ஓட்டுநர் மாறும் செலவில் சேர்வார். அவரே மாதச் சம்பளத்திலிருந்தால் மாறாச் செலவில் சேர்வார்.

கணக்கு

12 ஏக்கர் இருபோக நிலமுள்ள ஒரு பண்ணை. டிராக்டரின் விலை 7,20,000 ரூபாய். 12 வருஷம் உழைத்தபின் 1,20,000 ரூபாய்க்கு விற்கலாமெனில், குறையும் 6,00,000 ரூபாயை 12ஆல் வகுக்க, வருஷத் தேய்மானம் 50,000 ரூபாய். வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுத்தரமான 4,20,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் 10 வீதம் வட்டி 42,000 ரூபாய். இன்ஷூரன்ஸும் கொட்டகையும் 8,000 ரூபாய். ஆக மாறாச் செலவு வருஷத்திற்கு 1,00,000 ரூபாய். கடனில் வாங்கியிருந்தால், அசல் தவணையை இதனுடன் செலவாக எழுதலாகாது. அதற்குரியதைத் தேய்மானம் ஏற்கெனவே காட்டிவிட்டது.

மாறும் செலவு மணிக்கு: டீசல் 4 லிட்டர், 95 ரூபாய் வீதம் 380, ஓட்டுநர் கூலி 100, எண்ணெயும் பழுதும் 70, ஆக 550 ரூபாய்.

சொந்த நிலத்திற்கு இருபோகமும் சேர்த்து ஏக்கருக்கு 10 மணி, ஆக 120 மணி ஓடுகிறது. மாறாச் செலவில் மணிக்கு விழும் பங்கு 833 ரூபாய். மொத்தம் 1,383 ரூபாய். உள்ளூர் வாடகை மணிக்கு 1,000 ரூபாயெனில், சொந்த டிராக்டரால் வருஷத்தில் சுமார் 46,000 ரூபாய் நஷ்டம். பிறர் நிலத்தில் 1,000 ரூபாய் வாடகைக்கு இன்னும் 130 மணி ஓடினால், மொத்தம் 250 மணி. மணிச் செலவு 950 ரூபாயாக இறங்கும்.

சொந்த டிராக்டருக்கும் வாடகை டிராக்டருக்கும் செலவு சமமாகும் இடம் யாதெனில், வாடகை 1,000 ரூபாயில் மாறும் செலவு 550 ரூபாயைக் கழிக்க நிற்கும் 450 ரூபாயால் 1,00,000 ரூபாயை வகுக்க வருவது: ஏறக்குறைய 222 மணி. அதற்குக் குறைவாகவே வேலை உண்டென்று தெரிந்தால் டிராக்டர் வாங்காதிருப்பதே உசிதம்.

குறைந்த வாடகைக்கு விடலாமா?

வேலை குறைந்த மாதத்தில் அயலார் ஒருவர் மணிக்கு 750 ரூபாய் தருவதாகக் கேட்கிறார். மணிச் செலவு 950 ஆயிற்றே என்று மறுப்பது சரியன்று. வண்டி நின்றாலும் மாறாச் செலவு நிற்காது. ஓடினால் கூடுவது 550 ரூபாயே. ஆகவே மணிக்கு 200 ரூபாய் அனுகூலம். ஆனால் அதே நாளில் 1,000 ரூபாய் தருவோரோ சொந்த நிலத்தின் வேலையோ காத்திருந்தால் இது பொருந்தாது. எப்போதும் 750 ரூபாய்க்கே விட்டால் மாறாச் செலவை ஈடுசெய்ய 500 மணி ஓடவேண்டும். அவ்வளவு ஓடும் வண்டி 12 வருஷம் உழைக்குமென்றும் நம்பலாகாது. தேய்மானமும் பழுதும் கூடும். மாறாச் செலவென்பது ஓர் எல்லைக்குள் மட்டுமே மாறாதது.

கூட்டுறவுச் சங்கங்கள் இயந்திர வாடகையை நிர்ணயிக்கையிலும் இதே கணக்கு வேண்டும். டீசலையும் ஓட்டுநர் கூலியையும் மட்டும் பார்த்து வாடகை வைத்தால், இயந்திரம் தேய்ந்தபின் வேறொன்று வாங்கப் பணமிராது.

பிழை நேரும் இடங்கள்

நெல் கணக்கில் டிராக்டருக்கு மணிக்கு 950 ரூபாய் எழுதியபின், அதே டீசலை மறுபடியும் எழுதுவது சாதாரணமாய் நேரும் பிழை. டீசல் ரசீது டிராக்டர் கணக்கிற்கு மட்டும் செல்லவேண்டும். அங்கிருந்து மணிக்கணக்கில் பயிருக்கு வரவேண்டும். மிராசுதாரின் மகனே ஓட்டினாலும் மணிக்கு 100 ரூபாய் எழுதுவது அவசியம். இல்லாவிடில் வாடகையுடன் ஒப்பிடுவது பொய்யாகும்.

கணக்குச் சரியா என்பதை வருஷ முடிவில் எளிதில் சோதிக்கலாம். குறிப்பில் 250 மணி எனில் டீசல் 1,000 லிட்டர் ஆகவேண்டும். ரசீதுகள் 1,200 லிட்டர் காட்டினால், 50 மணி வேலை எழுதப்படாமல் விட்டிருக்கலாம். பம்புசெட்டிற்கு டீசல் சென்றிருக்கலாம். அல்லது எஞ்சின் அதிகம் குடிக்கிறது. இன்னதென்று கண்டுபிடிக்க, தேதி, வயல், செய்த வேலை, ஓடிய மணி, ஊற்றிய லிட்டர் என்னும் ஐந்து பத்திகள் கொண்ட ஒரு நோட்டுப் புஸ்தகம் வண்டியிலேயே இருப்பது போதும்.