நோயால் தவறிய கெடு: வரி அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் எங்கே பலிக்கும்?

திருப்பதி அலிபிரியில், திருமலைக்கு ஏறும் படிகள் தொடங்கும் இடத்தருகே ஒருவர் பூஜைப் பொருள் கடை வைத்திருப்பதாகக் கொள்வோம். கூட்டாளி கிடையாது, கம்பெனியும் கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்குக் கடையும் அவரும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே பான் எண். அவர் படுத்துவிட்டால் கையெழுத்துப் போடவோ கணக்குக் காட்டவோ அடுத்த ஆள் இல்லை. அப்படித் தவறிய கெடுவுக்கு அபராதம் வரும்போது, "உடல்நிலை சரியில்லாததால் தாமதமானது, மன்னிக்க வேண்டும்" என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் பலரின் வழக்கம். அந்தக் கடிதம் சில இடங்களில் முழுமையாகப் பலிக்கும். சில இடங்களில், அதைப் படிக்கும் அதிகாரி எவ்வளவு இரக்கம் உள்ளவராக இருந்தாலும் பலிக்காது.

இந்தக் கடையின் கணக்கையே பார்ப்போம். 2022-23 நிதியாண்டில் விற்றுமுதல் 2 கோடியே 20 லட்சம் ரூபாய். பெரும்பாலும் ரொக்க வியாபாரம். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் காட்டி, தணிக்கை இல்லாமல் முடித்துக்கொள்ளும் உத்தேச வரித் திட்டத்துக்கு, ரொக்க வியாபாரத்தில் வரம்பு 2 கோடி. அதைத் தாண்டியதால் ஆடிட்டரிடம் தணிக்கை செய்தாக வேண்டும். தணிக்கை அறிக்கைக்குக் கெடு 2023 செப்டம்பர் 30. ரிட்டர்னுக்கு அக்டோபர் 31.

செப்டம்பர் 11 அன்று அவர் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்கிறார். பைபாஸ் அறுவை சிகிச்சை நடக்கிறது. 24 அன்று வீடு திரும்புகிறார். நவம்பர் கடைசிவரை ஓய்வெடுக்கச் சொல்கிறார் மருத்துவர். டிசம்பர் முதல் வாரத்தில் கணக்குப் புத்தகங்கள் ஆடிட்டரிடம் போகின்றன. 19 அன்று தணிக்கை அறிக்கையும் ரிட்டர்னும், செப்டம்பர் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னும் பதிவேறுகின்றன.

இப்போது அவர்மேல் மூன்று சுமைகள் விழுகின்றன. ரிட்டர்ன் தாமதத்துக்குப் பிரிவு 234எஃப்-இன்படி 5,000 ரூபாய். அக்டோபர் 20 அன்று போயிருக்க வேண்டிய ஜிஎஸ்டி ரிட்டர்ன் 60 நாள் தாமதம். நாளுக்கு 50 ரூபாய் வீதம் 3,000 ரூபாய். மூன்றாவதுதான் பெரியது. தணிக்கைக் கெடு தவறியதற்காகப் பிரிவு 271பி-இன்கீழ் நோட்டீஸ்: விற்றுமுதலில் அரை சதவீதம் அல்லது ஒன்றரை லட்சம், இரண்டில் எது குறைவோ அது. இவருக்கு 1,10,000 ரூபாய்.

முதல் இரண்டும் சட்டப்படி கட்டணங்கள். வருமான வரி ரிட்டர்னைப் பதிவேற்றும்போதே போர்ட்டல் 5,000 ரூபாயைக் கணக்கில் சேர்த்துவிடும். ஏன் தாமதம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் வரி அலுவலருக்குத் தரப்படவும் இல்லை. ஜிஎஸ்டி கட்டணத்தைக் குறைக்க வேண்டுமானால், ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்து அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். 2021இல் அப்படி ஒரு சலுகை வந்தது: 2017 ஜூலை முதல் 2021 ஏப்ரல் வரையிலான பழைய மாத ரிட்டர்ன்களைக் குறித்த காலத்துக்குள் தாக்கல் செய்தவர்களுக்கு, ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் என்று கட்டணம் குறைக்கப்பட்டது. அது எல்லோருக்குமாக வந்த சலுகை. தனி மனிதரின் கடிதத்துக்காக வந்ததல்ல.

நீதிமன்றம் போனாலும் பெரும்பாலும் இதே எல்லைதான். தொடர்ந்து ரிட்டர்ன் தாக்கல் செய்யாததால் ஜிஎஸ்டி பதிவை இழந்த சிறு வியாபாரிகள், 2022 ஜனவரி 31 அன்று 'சுகுணா கட்பீஸ் சென்டர்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெரிய நிவாரணம் பெற்றார்கள். சேலம் மேல்முறையீட்டு அதிகாரியை எதிர்த்த வழக்கு அது. மேல்முறையீட்டுக் கெடுவும் கடந்துபோன அவர்களுக்குப் பதிவைத் திருப்பித் தரச் சொன்ன நீதிமன்றம், நிலுவை ரிட்டர்ன்களை 45 நாளில் வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்ய வேண்டும் என்றது. பிழைப்பு திரும்பியது, கட்டணம் கட்டியாக வேண்டியிருந்தது.

ஆக, அலிபிரிக் கடைக்காரர் 8,000 ரூபாயைக் கட்டிவிட்டு, முழு உழைப்பையும் அந்த 1,10,000 ரூபாய் மேல் செலுத்துவதே சரி. அங்கேதான் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தவறியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபித்தால், 271பி உள்ளிட்ட பல பிரிவுகளின் அபராதத்தை விதிக்கக் கூடாது என்கிறது பிரிவு 273பி. இதற்குப் பின்னால் பழைய வலுவும் உண்டு. 1969இல் ஒடிசா விற்பனை வரி தொடர்பான 'ஹிந்துஸ்தான் ஸ்டீல்' வழக்கில், அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை விதிக்கக் கூடாது, வேண்டுமென்றே சட்டத்தை மீறினாரா என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

எனவே கடிதம் கருணை மனுவாக இருக்கக் கூடாது. நோட்டீஸின் எண்ணையும் பிரிவையும் சொல்லி, 273பி-இன்கீழ் விளக்கம் என்றே தொடங்க வேண்டும். அதன் முதுகெலும்பு தேதிகள்தான்: "செப்டம்பர் 11 முதல் 24 வரை உள்நோயாளி. நவம்பர் 30 வரை ஓய்வு. டிசம்பர் 4 அன்று புத்தகங்களை ஆடிட்டரிடம் ஒப்படைத்தேன். டிசம்பர் 19 அன்று, நோட்டீஸ் வருவதற்கு முன்பே, அறிக்கையைத் தாக்கல் செய்தேன்." ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தாள் இணைந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஓய்வுக்காலத்தைக் குறிப்பிட்டு மருத்துவர் தந்த சான்று, மறுபரிசோதனைச் சீட்டுகள், புத்தகங்கள் எப்போது வந்தன என்று ஆடிட்டர் தரும் கடிதம். நோட்டீஸ் வந்தபின் வாங்கிய ஒற்றை வரி மருத்துவச் சான்றை மட்டும் நம்பிப் போனால், முதலில் சந்தேகிக்கப்படுவது அதுதான்.

அதிகாரி மூன்று இடங்களில் குடைவார். அந்த மாதங்களில் கடை நடந்ததா? வங்கிக் கணக்கில் ரொக்கம் விழுந்துகொண்டிருந்தால், "மகன் கல்லாவில் உட்கார்ந்தார், கணக்கு எழுதுவதும் ஆடிட்டரோடு பேசுவதும் நான் மட்டுமே" என்று மறைக்காமல் எழுத வேண்டும். இரண்டாவது, வேறொருவருக்கு ஏன் அதிகாரம் தரவில்லை? கையெழுத்திட முடியாதவர் பவர் கொடுத்து ரிட்டர்னில் கையெழுத்திட வைக்கலாம் என்று பிரிவு 140 சொல்கிறது. ஆனால் சரக்கிருப்பையும் கடன் பாக்கியையும் உறுதிசெய்யாமல் தணிக்கை நடக்காது, அதைச் செய்யத் தெரிந்தவர் தான் ஒருவரே என்பது இதற்குப் பதில். மூன்றாவது, குணமான நாளுக்கும் தாக்கல் செய்த நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இவருக்கு மூன்று வாரத்துக்கும் குறைவு. அதனால் வாதம் நிற்கிறது. ஆறு மாதம் ஆகியிருந்தால் பைபாஸ் சிகிச்சைகூட அதற்குக் காரணமாகாது.

கடிதத்தைத் திருப்பதி வருமான வரி அலுவலகக் கவுன்டரில் கொடுத்து முத்திரை வாங்கினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. 2021இல் வந்த முகமில்லா அபராதத் திட்டத்தின்படி இத்தகைய நோட்டீஸுக்கான பதிலை வருமான வரிப் போர்ட்டலில் e-Proceedings பகுதியில், நோட்டீஸ் சொல்லும் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும். படிப்பவர் வேறு ஊரில் இருக்கலாம். கடைக்காரரின் தழும்பை அவர் பார்க்கப் போவதில்லை, தாள்களைத்தான் பார்ப்பார். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. நோட்டீஸ் எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்று பார்த்து அதே எண்ணை எழுத வேண்டும்.

நோய் நீண்டு, தாமத ரிட்டர்னுக்கான கடைசி நாளான டிசம்பர் 31உம் கடந்து, ரிட்டர்னே போடாமல் ரீஃபண்ட் நின்றுபோனவருக்கு வேறு வழி: பிரிவு 119(2)(பி)-இன்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அதைக் கொடுக்கலாம்.

விளக்கத்தை ஏற்காமல் அபராத ஆணை வந்தாலும், ஆணை கிடைத்த 30 நாளுக்குள் படிவம் 35-இல் வருமான வரி மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம். முதல் கடிதத்தோடு இணைத்த அதே தாள்கள்தான் அங்கேயும் பேசும். அப்போது சேர்க்காத ஆதாரத்தை மேல்முறையீட்டில் புதிதாகக் கொண்டுவர வேண்டுமென்றால், முன்பே ஏன் தரவில்லை என்பதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டியிருக்கும்.